இதயத்துக்குப் போட்ட மாத்திரை, மார்பில் வீக்கம்: நிறுத்துவதா, மாற்றுவதா?

கேள்வி: எனக்கு வயது 61. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் பம்பிங் 32 சதவீதம்தான் என்று எக்கோவில் தெரிந்தது. மூச்சு வாங்கலுக்கும் கால் வீக்கத்துக்கும் மற்ற மாத்திரைகளோடு காலையில் ஒரு நீர் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் டார்செமைடு 10 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. என்று போட்டிருக்கிறது. அதைப் போட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏற முடிகிறது.

ஆனால் மூன்று மாதமாக இடது மார்புக் காம்புக்கு அடியில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது. பனியன் உரசினால்கூட வலிக்கிறது. இப்போது வலது பக்கமும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. சட்டை போட்டாலும் தெரிகிறது என்பதால் வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. கேன்சராக இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறார். மருந்துக் கடைக்காரரோ, "இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும், எப்ளெரினோன் என்று வேறொன்று இருக்கிறது" என்றார். நானாகவே நான்கு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். கால் மறுபடி வீங்கியதால் பயந்துபோய்த் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டேன். கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 1.2. இது அந்த மாத்திரையால் வந்ததுதானா? மாற்று மருந்து இருக்கிறது என்றால் முதலிலேயே ஏன் அதைக் கொடுக்கவில்லை? வந்த வீக்கம் போகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஸ்பைரோனோலாக்டோன்தான் காரணம் என்று தோன்றுகிறது. மருந்து தொடங்கிச் சில மாதங்களில் வந்திருக்கிறது. காம்புக்கு நேர் அடியில் இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, ஒரு பக்கம் முந்திக்கொள்ள மறுபக்கமும் பின்னாலேயே வருகிறது. மருந்தால் ஆண்களுக்கு வரும் மார்பு வீக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மருத்துவத்தில் இதற்கு கைனகோமாஸ்டியா என்று பெயர். ஆனாலும் மருத்துவர் ஒருமுறை கை வைத்துப் பார்த்துத்தான் இதை உறுதி செய்ய வேண்டும்.

அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்லிவிடுகிறேன். மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இருபுறமும் வைத்து, காம்பை நோக்கி மெதுவாக நெருக்கிக்கொண்டே வருவார். வெறும் கொழுப்பாக இருந்தால் காம்பு வரை விரல்களுக்குத் தடையே இருக்காது. சுரப்பித் திசு வளர்ந்திருந்தால், காம்பைச் சுற்றி வட்டமாக, ரப்பர் மாதிரி அழுத்தமான ஒரு தட்டு விரலில் தட்டுப்படும். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிதாகத்தான் வரும். அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும், காம்பிலிருந்து விலகி இருக்கும், கல் மாதிரி கெட்டியாக இருக்கும். தோல் உள்ளே இழுபடுவது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், கையால் பார்த்ததில் சந்தேகம் வந்தாலும் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் எடுத்தாக வேண்டும். அங்கே "மாத்திரையால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

வேறு காரணம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அவர் கேட்பார். உங்கள் வயதில் பலர் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு அல்லது டுட்டாஸ்டெரைடு சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கே கொடுக்கும் டிகாக்சினும் இப்படிச் செய்வதுண்டு. கல்லீரல் கெட்டிருந்தாலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், விரையில் கட்டி இருந்தாலும் மார்பு பெருக்கலாம். அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, இதயத்துக்கும் நீருக்கும் கொடுத்த மருந்து மார்பில் ஏன் வேலை செய்கிறது என்று பார்ப்போம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உப்பையும் நீரையும் உடம்பில் தக்கவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது அதன் வேலை. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த ஹார்மோன் தேவைக்கு மேல் சுரந்து, காலில் நீர் கோக்க வைக்கிறது. நாளடைவில் இதயத் தசையில் தழும்பு போன்ற நார்த்திசு படியவும் காரணமாகிறது. ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஹார்மோன் போய் ஒட்ட வேண்டிய ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அதைத் தடுக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், ஆல்டோஸ்டெரோனும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோனும் ஒரே ஸ்டீராய்டு குடும்பம். இரண்டும் கொலஸ்ட்ராலிலிருந்தே உருவாகின்றன, அடிப்படை அமைப்பும் ஒன்றுதான். ஸ்பைரோனோலாக்டோனும் அதே ஸ்டீராய்டு அச்சில் வார்க்கப்பட்டதால், ஆல்டோஸ்டெரோனின் இடத்தில் மட்டும் உட்காராமல் டெஸ்டோஸ்டெரோனின் இடத்திலும் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ஆண்களின் மார்பிலும் கொஞ்சம் சுரப்பித் திசு உண்டு. ஆண் உடம்பில் ஈஸ்ட்ரோஜனும் சிறிதளவு உருவாகிறது. ஈஸ்ட்ரோஜன் அந்தத் திசுவை வளரச் சொல்லும், டெஸ்டோஸ்டெரோன் வளர விடாமல் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சமநிலையில் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஸ்பைரோனோலாக்டோன் வந்து டெஸ்டோஸ்டெரோனின் பிடியைத் தளர்த்திவிட்டால், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் கூடாமலேயே அதன் கை ஓங்கிவிடுகிறது. மருந்தின் அளவு கூடினால் டெஸ்டோஸ்டெரோன் உற்பத்தியே குறையவும் கூடும். சில ஆண்களுக்கு இதே காரணத்தால் தாம்பத்திய நாட்டமும் விறைப்பும் குறையும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் தீர்வு மருந்தை மாற்றுவதுதான். முகத்தில் முடி வளரும் பெண்களுக்கும், பரு அடங்காத பெண்களுக்கும் தோல் மருத்துவர்கள் இதே மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் குணம் அங்கே மருந்தாகிறது, உங்களுக்குத் தொல்லையாகிறது.

அப்படியானால் ஏன் முதலிலேயே இதைக் கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். கொடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. 1999-இல் வெளியான ரேல்ஸ் என்ற ஆய்வில், இதயச் செயலிழப்பு முற்றிய 1,663 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஸ்பைரோனோலாக்டோனும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து கிடைத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், மருந்து சாப்பிட்ட ஆண்களில் 10 சதவீதம் பேருக்கு மார்பு வீக்கமோ மார்பு வலியோ வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட ஆண்களில் அது 1 சதவீதம்தான். பத்து ஆண்களில் ஒன்பது பேருக்கு இந்தத் தொல்லை இல்லை, மருந்தும் விலை மலிவு, உயிரையும் காக்கிறது. ஆகவே இதில் தொடங்கி, தொல்லை வருபவருக்கு மட்டும் மாற்றுவது என்பதே பல மருத்துவர்களின் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் "மார்பில் வலியோ வீக்கமோ வந்தால் உடனே சொல்லுங்கள்" என்று மருந்தை எழுதும்போதே ஆண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் நீங்கள் மூன்று மாதம் தனியாகத் தவித்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரேல்ஸ் ஆய்வில் தொடங்கிய அளவு நாளுக்கு 25 மி.கி.தான். நீங்கள் சாப்பிடுவது 50. டார்செமைடோடு சேர்த்து விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 50 மி.கி. இருப்பதால், தனியாக யோசித்து எழுதாமலேயே அந்த அளவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கவிளைவு அளவைப் பொறுத்துக் கூடுவது. ரத்த அழுத்தத்துக்கு இதே மருந்து சாப்பிட்ட ஆண்களை வைத்துச் செய்த ஒரு பழைய ஆய்வில், 50 மி.கி.யும் அதற்குக் கீழும் எடுத்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும், 150 மி.கி.யும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கும் மார்பு பெருத்தது. அளவை 25-க்குக் குறைத்தால் சிலருக்கு அடங்கும். உங்களைப் போல வலியோடு இரண்டு பக்கமும் கட்டி தட்டிவிட்டவருக்குக் குறைத்துப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைவிட மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

எப்ளெரினோன் அதே அடிப்படை அமைப்பில் சில இடங்களை மாற்றிச் செய்த மருந்து. அந்த மாற்றத்தால் ஆண் ஹார்மோனின் ஏற்பியில் ஒட்டும் தன்மை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2003-இல் வந்த எஃபிசஸ் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதயத்தின் பம்பிங் குறைந்திருந்த 6,632 பேரைப் பார்த்தார்கள். உங்கள் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். எப்ளெரினோன் எடுத்தவர்களிடையே இறப்பு 15 சதவீதம் குறைந்தது. ஆண்களில் மார்பு வீக்கம் வந்தது 0.5 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 0.6 சதவீதம், அதாவது வித்தியாசமே இல்லை. ரேல்ஸில் வந்தவர்கள் நோய் அதிகம் முற்றியவர்கள் என்பதால், 30-ஐயும் 15-ஐயும் பக்கத்தில் வைத்து எது வலுவான மருந்து என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எப்ளெரினோனும் இதயத்தைக் காக்கும் மருந்துதான் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆண் ஹார்மோனின் இடத்தை விட்டு விலகியதற்கு எப்ளெரினோன் ஒரு விலை கொடுத்திருக்கிறது. ஆல்டோஸ்டெரோனின் இடத்தைப் பிடிக்கும் வலுவும் அதற்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. செய்யும் வேலைக்கு எப்ளெரினோன் சுமார் 50 மி.கி. தேவைப்படும். அட்ரினல் சுரப்பியே ஆல்டோஸ்டெரோனை அதிகமாகச் சுரந்து ரத்த அழுத்தம் எகிறும் நோயாளிகளுக்கு ஸ்பைரோனோலாக்டோனே அழுத்தத்தை நன்றாகக் குறைப்பதாக ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வில் ஆண்களுக்கு மார்பு வீக்கம் ஸ்பைரோனோலாக்டோனில் 21 சதவீதம், எப்ளெரினோனில் 4.5 சதவீதம். எப்ளெரினோனில் வரவே வராது என்று சொல்ல முடியாது, வெகு குறைவு என்று சொல்லலாம்.

இப்போது மாற்றும் வழிக்கு வருவோம். தவறு நடப்பது இங்கேதான். உங்கள் மாத்திரை ஒன்று, அதனுள் இருக்கும் மருந்து இரண்டு. நான்கு நாள் நிறுத்தியபோது கால் வீங்கியதற்கு முக்கியக் காரணம், ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்து டார்செமைடும் நின்றதுதான். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு எப்ளெரினோன் மட்டும் போட்டால் மறுபடி அதே கதைதான், நீர் கோத்துக்கொள்ளும். மாறாக, பழைய மாத்திரையையும் விடாமல் எப்ளெரினோனையும் சேர்த்துப் போட்டால் ஒரே வேலை செய்யும் இரண்டு மருந்து உள்ளே போகும். அப்போது பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி, இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சரியான வழி, சேர்க்கை மாத்திரையை நிறுத்தும் அதே நாளில் டார்செமைடு 10 மி.கி.யைத் தனியாகவும் எப்ளெரினோன் 25 மி.கி.யைத் தனியாகவும் தொடங்குவது. உங்கள் பொட்டாசியம் 4.6. தொடங்குவதற்கு அது 5-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கம், உங்களுக்குச் சரியாக இருக்கிறது. 61 வயதில் கிரியாட்டினின் 1.2 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 60-க்கு மேல் வரும், அதுவும் தடையில்லை. ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நான்கு வாரத்துக்குப் பின் எப்ளெரினோனை 50 மி.கி. ஆக்குவார்கள். அதன் பிறகு மறுபடி ஒரு பரிசோதனை, அடுத்து மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள், 6-ஐத் தொட்டால் நிறுத்துவார்கள். மாற்றிய முதல் இரண்டு வாரம் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்ளெரினோன் மார்பை விட்டுவைக்கும், ஆனால் பொட்டாசியத்தை விட்டுவைக்காது. இந்த விஷயத்தில் இரண்டு மருந்தும் ஒன்றுதான். எனவே மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்த அழுத்தக்காரர்களுக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அதுவும் வேண்டாம். இளநீரை தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்ளெரினோனுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இதைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அந்த நொதியை முடக்கும் மருந்தை எடுத்தால் எப்ளெரினோன் உடம்பில் பல மடங்கு தேங்கிவிடும். அப்படி முடக்கும் மருந்துகளில் ஒன்று இட்ராகோனசோல். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தொடையிடுக்கில் படர்தாமரை வராத வீடு குறைவு, அதற்குப் பலர் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இதுதான். எப்ளெரினோனோடு இது சேரவே கூடாது. போதாததற்கு, பம்பிங் குறைந்த இதயத்துக்கு இட்ராகோனசோல் தன்னளவிலேயே ஆகாது. நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் இதே வகை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக, எப்ளெரினோனைச் சீக்கிரம் சிதைத்து அதன் பலனைக் குறைத்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் எப்ளெரினோன் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

வந்த வீக்கம் போகுமா என்பதற்குக் காலம்தான் பதில். தொடக்கத்தில் மார்புத் திசு புதிதாக வளர்ந்து, இளசாக, வலியோடு இருக்கும். அந்தக் கட்டத்தில் காரணத்தை நீக்கிவிட்டால் சுருங்கும். ஓராண்டுக்கு மேல் போனால் உள்ளே நார்த்திசு இறுகிவிடும். வலி நின்றுபோகும், ஆனால் மேடு அப்படியே நிற்கும், பிறகு அறுவைசிகிச்சை தவிர வழி இருக்காது. உங்களுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னமும் வலிக்கிறது. உங்களுக்கு அது தொல்லை, ஆனால் திரும்பிப் போகக்கூடிய கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மாற்றிய சில வாரங்களில் வலி குறையத் தொடங்கும், கட்டி கரைய மாதங்கள் ஆகலாம். வீக்கத்தை வற்றவைக்க டாமாக்சிஃபென் என்ற மாத்திரை இருக்கிறது, ஆனால் அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஸ்டென்ட் வைத்த நீங்கள் அதை யாரோ சொன்னார் என்று வாங்கிப் போடக் கூடாது.

ஸ்பைரோனோலாக்டோனைக் கல்லீரல் சுருக்கத்துக்கும் வயிற்றில் நீர் கோப்பதற்கும் சாப்பிடும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அளவு 100 மி.கி.யில் தொடங்கி 400 வரை போகும், பாதிக்கப்பட்ட கல்லீரலும் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கும். மார்பு வீக்கம் உங்களிடையே இன்னும் அதிகம். உங்களுக்கு மாற்றாகப் பெரும்பாலும் அமிலோரைடு என்ற வேறு வகை நீர் மாத்திரையைக் கொடுப்பார்கள், எனவே மேலே சொன்ன அளவுகளை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு முடிவாக: இன்றைய மாத்திரையை இன்று தவறாமல் போடுங்கள். இந்த வாரமே உங்கள் இதய மருத்துவரைப் பார்த்து, சட்டையைக் கழற்றி மார்பைக் காட்டுங்கள். "டார்செமைடைத் தனியாகக் கொடுத்து, ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில் எப்ளெரினோன் தர முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். புது மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.